விளம்பரம் மனத்தில் பதிந்ததா? விற்பனைக்கு முன்பே அளந்து பார்க்கும் வழி

ஒரு குடும்பம் வெட் கிரைண்டர் வாங்கினால் அடுத்த கிரைண்டர் வாங்கப் பத்து ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் நாற்பது காலாண்டுகள். எந்த மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டாலும் நூறு வீடுகளில் இரண்டு மூன்று வீடுகள்தான் புதுக் கிரைண்டர் வாங்கும் நிலையில் இருக்கும். அந்த மூன்று மாதமும் ஊர் முழுக்க விளம்பரம் ஓடினாலும், அதைப் பார்த்த மற்ற தொண்ணூற்றேழு வீட்டாரும் இன்றைக்கு வாங்கப்போவதில்லை. கல்யாணச் சீர் எடுக்கும்போதோ பழைய கிரைண்டரின் மோட்டார் எரிந்துபோகும்போதோதான் வாங்குவார்கள். அந்த நாளில் பெயர் நினைவுக்கு வந்தால் விளம்பரம் வேலை செய்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் எரன்பெர்க்-பாஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் டாஸ் 2021-இல் இதே கணக்கைத் தொழில் நிறுவனங்களுக்குச் சொன்னார். ஒரு நிறுவனம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு சேவையை மாற்றும் என்றால், ஒரு காலாண்டில் அந்தச் சந்தையில் ஐந்து சதவீதம் பேரே வாங்குபவர்கள். மீதி 95 சதவீதத்தினரை இப்போதே சென்றடைகிற விளம்பரத்தின் பலன் இந்தக் காலாண்டின் விற்பனைக் கணக்கில் தெரியாது.

ஆனால் விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் முதலாளி ஓராண்டு பொறுத்திருக்க மாட்டார். மூன்றாம் மாதமே ‘என்ன பலன்?’ என்று கேட்பார். கேட்பது நியாயம்தான். விற்பனைக்கு முன்பே தெரியக்கூடிய மூன்று தடயங்களைக் கொண்டு அதற்குப் பதில் சொல்லலாம். கூகுளில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுவோர் எண்ணிக்கை, வேறெந்த இணைப்பின் வழியாகவும் வராமல் நிறுவனத்தின் இணையதளத்துக்கு நேரே வருவோர் எண்ணிக்கை, மக்களிடம் கேட்டறியும் கருத்தாய்வு ஆகியவையே அவை. மூன்றுமே பயனுள்ளவை, மூன்றுமே ஏமாற்றக்கூடியவை. அவற்றை நம்பத்தக்கதாக ஆக்குவது விளம்பரம் போகாத ஓர் ஊருடன் செய்யும் ஒப்பீடு.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கோவையில் கிரைண்டர் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனம். கொங்குப் பகுதியில் பெயர் உண்டு, தெற்கே அவ்வளவாகத் தெரியாது. மதுரையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பன்னிரண்டு வாரம் எஃப்.எம். வானொலி, பேருந்தின் பின்புறம், உள்ளூர் கேபிள் டிவி ஆகியவற்றில் விளம்பரம் செய்யத் திட்டமிடுகிறது. திருச்சியிலும் அதற்கு டீலர்கள் உண்டு, ஆனால் இந்த மூன்று மாதம் அங்கே எந்த விளம்பரமும் கிடையாது. இப்படி வேண்டுமென்றே ஓர் ஊரை விட்டுவைப்பதுதான் ஒப்பீட்டுக்கு அடிப்படை. எந்த ஊரை விடுவது என்பதையும் யோசித்தே முடிவுசெய்ய வேண்டும். இரண்டு ஊரும் அளவில் ஓரளவு ஒத்திருக்க வேண்டும், டீலர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஓர் ஊரின் வானொலி மற்றோர் ஊரில் கேட்கக் கூடாது.

முதலில் தேடல். ஒருவர் வெறுமனே ‘வெட் கிரைண்டர் விலை’ என்று தேடினால் அவருக்குப் பொருள் தேவை என்று தெரியும். நிறுவனத்தின் பெயரையே போட்டுத் தேடினால் அந்தப் பெயர் அவர் மனத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று தெரியும். இந்தப் பெயர்த் தேடலைத்தான் எண்ண வேண்டும். பெயர்த் தேடலில் போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை லண்டன் விளம்பர உலகின் லெஸ் பினெட் 2020-இல் ஆராய்ந்தார். கார், மின்சாரம்-எரிவாயு, கைப்பேசி ஆகிய துறைகளில் தேடல் பங்கு முதலில் நகர்கிறது, சந்தைப் பங்கு பின்னால் வருகிறது என்று காட்டினார். சில துறைகளில் இந்த இடைவெளி ஓராண்டு வரை போகலாம்.

எண்ணுவது எங்கே என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூகுள் டிரெண்ட்ஸ் இலவசம், யாரும் பார்க்கலாம். ஆனால் அது காட்டுவது தேடல்களின் எண்ணிக்கை அல்ல. அந்த ஊரில் அந்த வாரம் நடந்த எல்லாத் தேடல்களிலும் இந்தப் பெயருக்கு என்ன பங்கு என்பதை, உச்சத்தை 100 ஆக வைத்துச் சுருக்கிக் காட்டுகிறது. அதுவும் மாதிரி எடுத்துக் கணக்கிடுவதால் இன்றைக்கு எடுத்த வரைபடமும் நாளைக்கு எடுப்பதும் சற்று மாறும். பெரிய நிறுவனங்களுக்கு இது போதும். சிறிய நிறுவனத்தின் பெயரை மதுரை என்ற அளவில் போட்டால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும்.

கூகுளின் சர்ச் கன்சோல் உண்மையான எண்ணிக்கையைத் தரும். நிறுவனத்தின் இணையதளம் எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை தேடல் முடிவில் தென்பட்டது என்று பதினாறு மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அதன் குறை, நாடு வாரியாகத்தான் பிரித்துக் காட்டும், ஊர் வாரியாகக் காட்டாது. மதுரையையும் திருச்சியையும் ஒப்பிட அது உதவாது.

நடைமுறையில் உதவுவது ஒரு சிறிய உத்தி. நிறுவனம் தன் பெயருக்கே கூகுளில் ஒரு சிறு விளம்பரம் போட்டுவைக்கிறது. யாராவது அந்தப் பெயரைத் தேடும்போதெல்லாம் அந்த விளம்பரம் தென்படும், எத்தனை முறை தென்பட்டது என்பது ஊர் வாரியாகப் பதிவாகும். சொடுக்கினால்தான் காசு என்பதால் செலவு குறைவு. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றாட வரம்புத் தொகை மத்தியானமே தீர்ந்துவிட்டால் மாலைத் தேடல்கள் கணக்கில் வராது. வாய்ப்பிருந்த தேடல்களில் எத்தனை சதவீதத்தில் விளம்பரம் தென்பட்டது என்ற எண்ணையும் அதே இடத்தில் பார்க்கலாம். அது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கினால் அந்த எண்ணிக்கையை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

எந்தச் சொற்களை எண்ணுவது என்பதும் முக்கியம். தமிழ் எழுத்தில் தேடுவோர், ஆங்கில எழுத்தில் தேடுவோர், காதில் கேட்டபடி எழுத்துப்பிழையுடன் தேடுவோர் எல்லோரையும் சேர்க்க வேண்டும். வானொலி விளம்பரத்தில் பெயரைக் கேட்டவருக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியாது என்பதால் பிழையான எழுத்துகளே அங்கே நல்ல தடயம். மாறாக, நிறுவனத்தின் பெயர் சக்தி, லட்சுமி என்பதுபோல் இருந்தால் வெறும் பெயரை எண்ணவே கூடாது. அதைத் தேடுவோரில் பெரும்பாலோருக்குக் கிரைண்டரோடு தொடர்பில்லை. ‘கிரைண்டர்’ என்ற சொல்லும் சேர்ந்து வரும் தேடல்களை மட்டும் எடுக்க வேண்டும். பெயரோடு ‘சர்வீஸ் சென்டர்’, ‘கல் விலை’, ‘பெல்ட்’ என்று தேடுபவர்கள் ஏற்கெனவே அந்தக் கிரைண்டரை வைத்திருப்பவர்கள். அவர்களையும் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

இப்போது கணக்கு. விளம்பரத்துக்கு முந்தைய எட்டு வாரத்தில் பெயர்த் தேடல் சராசரியாக மதுரையில் வாரத்துக்கு 200, திருச்சியில் 160. விளம்பரம் ஓடிய பன்னிரண்டு வாரத்தில் மதுரையில் 310, திருச்சியில் 184. மதுரையை மட்டும் பார்த்தால் 55 சதவீத உயர்வு. அப்படியே எழுதி முதலாளியிடம் கொடுக்கத்தான் கை போகும். ஆனால் விளம்பரமே இல்லாத திருச்சியிலும் 15 சதவீதம் ஏறியிருக்கிறது. ஆடித் தள்ளுபடி வந்தது, கடைகளில் கூட்டம் சேர்ந்தது, எல்லாப் பெயர்களுக்கும் தேடல் கூடியது. விளம்பரம் இல்லாவிட்டாலும் மதுரை 200-இலிருந்து 230-க்கு வந்திருக்கும் என்று கொள்ள வேண்டும். 230-க்கு மேல் உள்ள 80 மட்டுமே விளம்பரத்தின் பங்கு. அது 35 சதவீதம்.

அந்த 35 சதவீதமும் தற்செயலாக இருக்கலாமா? இதை அறிய எளிய வழி, கையிலுள்ள பழைய வாரங்களையெல்லாம் எடுத்து மதுரை எண்ணைத் திருச்சி எண்ணால் வகுத்துப் பார்ப்பது. நமது கணக்கில் விளம்பரத்துக்கு முன் அந்த விகிதம் சராசரியாக 1.25. வாரத்துக்கு வாரம் 1.15-க்கும் 1.35-க்கும் இடையில் ஆடியிருக்கிறது என்று கொள்வோம். விளம்பர காலத்தில் அது சராசரியாக 1.68. வழக்கமான ஆட்டத்துக்கு வெகு வெளியே இருப்பதால் ஏதோ நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அதுவே 1.38 ஆக இருந்திருந்தால் வாயைத் திறக்காமல் இருப்பதே நேர்மை.

நடந்தது நல்லதா என்று தேடல் எண்ணிக்கை சொல்லாது. 2015 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெறச் சொன்னபோது அந்தப் பெயருக்கான தேடல் வானத்துக்கு ஏறியது. கடைகளிலோ மேகி இல்லை, நவம்பரில்தான் திரும்பி வந்தது. எனவே தேடல் திடீரென்று எகிறினால், பெயரோடு சேர்த்து மக்கள் வேறென்ன சொல்லைத் தேடினார்கள் என்று பார்க்க வேண்டும். ‘விலை’, ‘ஷோரூம்’ என்றால் சரி. ‘புகார்’, ‘ஷாக்’ என்றால் அது வேறு கதை.

இரண்டாவது தடயம் நேரடி வருகை. கூகுள் அனலிட்டிக்ஸில் `(direct) / (none)` என்று காட்டப்படும் வருகைகளைப் பலரும் ‘முகவரியை மனப்பாடமாகத் தெரிந்து தட்டச்சு செய்து வந்தவர்கள்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. எங்கிருந்து வந்தார் என்று கண்டுபிடிக்க முடியாத எல்லோரையும் அந்தக் கணக்கில்தான் போடுகிறது அனலிட்டிக்ஸ். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டவர், பி.டி.எஃப். கோப்பிலிருந்து வந்தவர், விளம்பரத்தில் அச்சான கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்தவர், தினமும் தளத்தைத் திறக்கும் அலுவலக ஊழியர், மனிதரே அல்லாத தானியங்கி நிரல்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

நமது நிறுவனத்தில் மூன்றாம் வாரம் நேரடி வருகை இரண்டு மடங்கானது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் பிடித்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். வந்தவர்கள் எந்தப் பக்கத்தில் நுழைந்தார்கள் என்று பார்த்தபோது, கூடுதலாக வந்தவர்களில் பெரும்பாலோர் வாரன்டி பதிவுப் பக்கத்துக்கே நேரே வந்திருந்தனர். அவ்வளவு நீளமான முகவரியை யாரும் மனப்பாடம் செய்து தட்டச்சு செய்வதில்லை. டீலர்கள் குழுவில் யாரோ அந்த இணைப்பைப் பகிர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து வடிகட்டும் முறை கிடைக்கிறது. முகப்புப் பக்கத்தில் நுழைந்தவர்களை மட்டும், அவர்களிலும் முதன்முறையாக வருபவர்களை மட்டும், அவர்களிலும் சில விநாடியாவது தங்கியவர்களை மட்டும் எண்ண வேண்டும். அலுவலக இணைப்பின் முகவரியை அனலிட்டிக்ஸில் விலக்கிவைக்க வேண்டும். நிறுவனமே வெளியிடும் ஒவ்வோர் இணைப்பிலும் கியூஆர் கோட்டிலும் அது எங்கிருந்து வந்தது என்ற குறியைச் சேர்த்துவிட வேண்டும். பேருந்து விளம்பரத்தின் கியூஆர் கோட்டுக்கு அது இப்படி இருக்கும்:

```
?utm_source=bus&utm_medium=qr&utm_campaign=madurai
```

வாட்ஸ்அப் செய்திகளுக்கும் பி.டி.எஃப். கோப்புகளுக்கும் இதேபோல் தனித்தனிக் குறி. இவை இருந்தால் அந்த வருகைகள் நேரடிக் கணக்கிலிருந்து விலகித் தனி வரியில் நிற்கும்.

இப்படி வடிகட்டிய பிறகு மதுரையில் வாரத்துக்கு 90 ஆக இருந்தது 126 ஆனது, திருச்சியில் 70 ஆக இருந்தது 77 ஆனது என்று கொள்வோம். திருச்சியின் பத்து சதவீத உயர்வைக் கழித்தால் மதுரையில் 99 எதிர்பார்க்கலாம். வந்தது 27 அதிகம், ஏறத்தாழ 27 சதவீதம். தேடல் காட்டிய திசையிலேயே இதுவும் நகர்ந்திருக்கிறது. ஆனால் இந்த எண்ணை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. கைப்பேசி இணைப்பில் வருபவரின் ஊரை ஐபி முகவரியை வைத்தே அனலிட்டிக்ஸ் ஊகிக்கிறது. மதுரையில் இருப்பவர் சென்னை என்று பதிவாவது அடிக்கடி நடக்கும். இப்படி ஊர் கலங்கிப்போனால் இரு ஊருக்கும் இடையிலான வேறுபாடு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். மூன்று தடயங்களில் பலவீனமானது நேரடி வருகைதான். தனியே நின்று எதையும் நிரூபிக்காது, தேடல் சொல்வதை ஆமோதிக்கவோ சந்தேகிக்கவோ பயன்படும்.

தேடலும் வருகையும் இணையத்தைப் பயன்படுத்துவோரை மட்டுமே காட்டும். வானொலியில் பெயரைக் கேட்டு, கூகுளைத் தொடாமலே நேரே கடைக்குப் போய் ‘அந்தக் கிரைண்டர் இருக்கா?’ என்று கேட்பவர் இரண்டிலும் இல்லை. அவரை எட்டுவதற்குக் கருத்தாய்வு ஒன்றே வழி.

கருத்தாய்வில் முதல் கேள்வியே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. ‘வெட் கிரைண்டர் என்றதும் எந்தெந்தக் கம்பெனிப் பெயர் ஞாபகத்துக்கு வருது?’ என்று, எந்தப் பெயரையும் சொல்லாமல் கேட்க வேண்டும். பதில்களைச் சொன்ன வரிசையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும், முதலில் வரும் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. இதை முடித்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைப் படித்துக்காட்டி ‘இவற்றில் எதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கீங்க?’ என்று கேட்கலாம். வரிசை மாறினால் ஆய்வே கெட்டது. பட்டியலைக் கேட்டவருக்கு எல்லாப் பெயரும் ‘ஞாபகம்’ வந்துவிடும். அழைப்பவர் எந்த நிறுவனத்துக்காகக் கேட்கிறார் என்பது கடைசிவரை தெரியக் கூடாது.

பட்டியலில் இல்லாத ஒரு கற்பனைப் பெயரையும் சேர்ப்பது நல்ல பழக்கம். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டும், மரியாதைக்காகவும் பலர் ‘கேள்விப்பட்டிருக்கேன்’ என்று சொல்லிவிடுவார்கள். கற்பனைப் பெயரையே ஒன்பது சதவீதம் பேர் கேள்விப்பட்டதாகச் சொன்னால், மற்ற பெயர்களின் எண்ணிலும் அந்த அளவு காற்று இருக்கிறது என்று புரியும். இரண்டாம் முறை கேட்கும்போது கற்பனைப் பெயரின் எண் ஏறியிருந்தால் மாறியது மக்கள் மனம் அல்ல, ஆய்வு நடத்திய விதம்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சுலபமான தவறு உண்டு. நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்திலோ இணையதளத்திலோ கேட்டால் பதில் சொல்பவர் எல்லோரும் பெயரை அறிந்தவர்களாகவே இருப்பார்கள். வீட்டில் இத்தகைய பொருளை வாங்க முடிவெடுப்பவர்களை, ஊரின் பல பகுதிகளிலிருந்தும் எடுக்க வேண்டும். விளம்பரத்துக்கு முன் தொலைபேசியில் கேட்டிருந்தால் பின்னும் தொலைபேசியில்தான் கேட்க வேண்டும்.

நமது நிறுவனம் ஒவ்வோர் ஊரிலும் முன்பு 600 பேர், பின்பு வேறு 600 பேர் என்று கேட்கிறது. பெயர் சொல்லாமலே நினைவுகூர்ந்தவர்கள் மதுரையில் 6 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகவும், திருச்சியில் 5-இலிருந்து 6 ஆகவும் ஆனார்கள். மதுரையின் உயர்வு 5, திருச்சியின் உயர்வு 1, ஆகவே விளம்பரத்தின் பங்கு 4 சதவீதப் புள்ளி. இங்கேதான் மாதிரி அளவின் கட்டுப்பாடு குறுக்கே வருகிறது. நான்கு தனித்தனி ஆய்வுகளின் பிழையும் ஒன்றுசேர்வதால் இந்த 4-இன் பிழை வரம்பு ஏறத்தாழ 4 புள்ளி மேலும் கீழும். உண்மையான பலன் 8 ஆகவும் இருக்கலாம், ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். 600 பேர் என்பது காதுக்குப் பெரிய எண்தான், ஆனாலும் இந்தக் கேள்விக்கு விளிம்பில்தான் நிற்கிறது. 200 பேரிடம் கேட்டுவிட்டு ‘நினைவு இரண்டு சதவீதம் கூடியது’ என்று எழுதும் அறிக்கைகள் எந்தப் பொருளும் இல்லாதவை.

பட்டியலைக் கேட்டபின் பெயரை அறிந்ததாகச் சொன்னவர்கள் மதுரையில் 31-இலிருந்து 45 சதவீதம், திருச்சியில் 29-இலிருந்து 32. வேறுபாடு 11 புள்ளி. இது பிழை வரம்பைத் தெளிவாகத் தாண்டுகிறது. கற்பனைப் பெயர் இருமுறையும் 9 சதவீதத்திலேயே நின்றது.

இப்போது மூன்றையும் ஒன்றாகப் படிக்கலாம். பெயரைக் கேட்டால் அடையாளம் காண்பவர்கள் உறுதியாகக் கூடியிருக்கிறார்கள். பெயர்த் தேடல் உறுதியாகக் கூடியிருக்கிறது. தானாக நினைவுக்கு வருவதும் அநேகமாகக் கூடியிருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. விற்பனை இன்னும் அசையவில்லை, நூற்றுக்கு இரண்டு மூன்று வீடுகளே வாங்கும் காலாண்டில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. முதலாளியிடம் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் இதுதான்: விளம்பரம் பதிந்திருக்கிறது, முதல் பெயராக வரும் அளவுக்கு இன்னும் பதியவில்லை, தொடரலாம்.

எண்கள் வேறு மாதிரி வந்திருந்தால் பதிலும் மாறும். கருத்தாய்வில் அடையாளம் கூடி, தேடல் திருச்சியோடு சேர்ந்தே நகர்ந்திருந்தால், விளம்பரம் பெயரைச் சொல்லியது, ஆர்வத்தைத் தூண்டவில்லை என்று பொருள். தேடல் கூடி, கருத்தாய்வு அசையாதிருந்தால், ஏற்கெனவே வாங்கும் எண்ணத்தில் இருந்த சிலரை மட்டுமே அது தொட்டிருக்கலாம். மூன்றுமே அசையாதிருந்தால் விற்பனைக்காக ஓராண்டு காத்திருப்பதில் பயனில்லை, விளம்பரத்தையே மாற்ற வேண்டும். மூன்றும் ஏறி, ஓராண்டு கழித்தும் விற்பனை ஏறாவிட்டால் கோளாறு விளம்பரத்தில் இல்லை. விலையிலோ, டீலர் கடையில் சரக்கு இல்லாததிலோ, விற்பனையாளர் வேறு கம்பெனியைக் கைகாட்டுவதிலோ தேட வேண்டும்.

விளம்பரம் நின்றதும் நினைவு தேயத் தொடங்கும். மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை அதே முறையில் மீண்டும் கேட்டால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும், அடுத்த விளம்பரத்தை எப்போது தொடங்குவது என்பதற்கும் அதுவே அடிப்படை. இவை எல்லாவற்றுக்கும் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. சர்ச் கன்சோலில் பதினாறு மாதக் கணக்கு தானாகச் சேர்ந்திருக்கும். ஊர் வாரியான எண்ணிக்கையோ, விளம்பரத்துக்கு முன் மக்கள் மனத்தில் இருந்த நிலையோ அப்படிச் சேர்ந்திருக்காது. விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்ட பின் அவற்றைத் திரும்பப் பெற வழியே கிடையாது. எனவே விளம்பரச் செலவுக்கான முதல் காசோலையில் கையெழுத்திடும் முன்பே, முதல் சுற்றுக் கருத்தாய்வையும் எட்டு வாரத் தேடல் கணக்கையும் முடித்து வைத்துவிடுங்கள்.